மேலவை: ரூபாய்க் கணக்கும் மாதக் கணக்கும்

"சட்டமன்றத்துக்கு இரண்டு அவைகள் தேவையா?" என்று பள்ளியில் தலைப்புக் கொடுத்தால், இரண்டு அணிகளும் என்ன பேசும் என்பதை முன்கூட்டியே எழுதிவிடலாம். ஒரு அணி மக்களின் வரிப்பணம் வீணாகிறது என்னும். மற்ற அணி அறிஞர்களுக்கு அவையில் இடம் வேண்டாமா என்று கேட்கும். இரண்டுக்கும் கைதட்டல் விழும். மேலவை ஒரு மசோதாவை எத்தனை நாள் நிறுத்திவைக்க முடியும், அதில் யார் உட்காருவார்கள், அதற்கு ஏறக்குறைய என்ன செலவாகும் என்ற மூன்று கேள்விகளையும் யாரும் தொடாமலே மணி அடித்துவிடும்.

அந்த மூன்றையும் தொட்டே ஆகவேண்டும் என்று, மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்காக ஒரு வாதப் பிரதி எழுதினேன். அதன் முக்கியப் பகுதிகளும், நடத்தும் ஆசிரியருக்கான விளக்கங்களும் கீழே உள்ளன. பொதுத் தலைப்பை விட்டுவிட்டு, நமக்கு நெருக்கமான ஒன்றாகக் குறுக்கிக்கொண்டேன்: "தமிழ்நாட்டுக்குச் சட்டமேலவை மீண்டும் வேண்டும்."

மாணவர்களில் பலருக்கு நம் மாநிலத்தில் மேலவை இருந்ததே தெரியாது. 1937இல் சென்னை மாகாணத்தில் இரண்டு அவைகள் கொண்ட சட்டமன்றம் வந்தபோது, மேலவை மேல் அவையாக அமைந்தது. 1952இல் ராஜாஜி தேர்தலில் நிற்காமல், ஆளுநரின் நியமனத்தால் மேலவை உறுப்பினராகி முதலமைச்சர் ஆனார். 1967இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அண்ணா, முதலமைச்சரான பிறகு மேலவைக்குத்தான் வந்தார். இடையில் 1954இல் முதலமைச்சரான காமராஜர் மட்டும் அந்த வழியை எடுக்காமல், குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று பேரவைக்குப் போனார். மேலவை என்றால் பின்வாசல் என்று பேசும் அணிக்கு முதல் இரண்டு பேரும் சான்று. வாசல் திறந்திருந்தாலும் அதில் நுழையாமல் இருக்க முடியும் என்று பேசும் அணிக்குக் காமராஜர் சான்று.

1986 மே மாதம் எம்.ஜி.ஆர். அரசு மேலவையைக் கலைக்கப் பேரவையில் தீர்மானம் நிறைவேற்றியது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற, அந்த ஆண்டு நவம்பர் 1 முதல் மேலவை இல்லாமல் போனது. அப்போது அதன் தலைவர் ம.பொ.சி. அதன் பிறகு தி.மு.க. ஆட்சிக்கு வரும்போது மேலவை வேண்டும் என்று தீர்மானம் போடுவதும், அ.தி.மு.க. வரும்போது அதை ரத்து செய்வதுமாகக் காலம் போனது. 2010இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றிவிட்டது. 78 உறுப்பினர்கள் என்று முடிவாகி, வாக்காளர் பட்டியல் தயாரிக்கும் வேலையும் தொடங்கியது. 2011இல் ஆட்சி மாறியதும் பேரவை அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. மேலவை வரவில்லை.

வகுப்புக்கு இவ்வளவு பின்னணி போதும். இனி நடுவர் விதிகளை வாசிக்கிறார்.

நடுவர்: பேசுவதற்கு முன் இரண்டு விதிகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அரசியல் சட்டத்தின் 171ஆவது பிரிவு. மேலவை, பேரவையின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 40க்குக் குறையவும் கூடாது. நமக்கு 234 உறுப்பினர்கள், ஆகவே மேலவை 78. அதில் 26 பேரை உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். 26 பேரை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பார்கள். பட்டதாரிகள் 7 பேரையும் ஆசிரியர்கள் 7 பேரையும் தேர்ந்தெடுப்பார்கள். மீதி 12 பேர் நியமனம். இரண்டாவது, 197ஆவது பிரிவு. பேரவை அனுப்பும் மசோதாவை மேலவை நிராகரிக்கலாம், திருத்தலாம், அல்லது மூன்று மாதம் கையில் வைத்திருக்கலாம். பேரவை அதையே மறுபடி நிறைவேற்றி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம் மட்டுமே வைத்திருக்கலாம். அதன் பிறகு மேலவை ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் மசோதா நிறைவேறியதாகிவிடும். பண மசோதா என்றால் 14 நாள்தான். வேண்டும் என்ற அணி தொடங்கட்டும்.

இந்த இரண்டாவது விதியை ஆசிரியர் கரும்பலகையில் எழுதிவைப்பது நல்லது. டெல்லியில் மக்களவையும் மாநிலங்களவையும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் நடத்த வழி உண்டு. மாநிலத்தில் அப்படி எதுவும் கிடையாது. மேலவையின் முழு பலமும் நான்கு மாதத் தாமதம். வாதம் முழுவதும் அந்த நான்கு மாதம் எதற்கு உதவும் என்பதைச் சுற்றியே ஓட வேண்டும்.

வேண்டும் அணி, முதல் பேச்சாளர்: நடுவர் அவர்களே, நான் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தை எடுத்துக்கொள்கிறேன். தொழிற்சாலைகளில் ஒரு நாள் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்யும் மசோதா ஏப்ரல் 12ஆம் தேதி நம் பேரவைக்கு வந்தது. 21ஆம் தேதி நிறைவேறியது. இடையில் ஒன்பதே நாள். ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிட்டது. லட்சக்கணக்கான தொழிலாளர்களின் அன்றாடத்தை மாற்றக்கூடிய ஒரு சட்டத்துக்குத் தொழிற்சங்கத்தையோ தொழிலாளியையோ கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க நேரம் இருந்ததா? மேலவை இருந்திருந்தால், அந்த மசோதா பேரவையின் கதவைத் தாண்டியதும் இன்னொரு கதவில் நின்றிருக்கும்.

வேண்டாம் அணி, முதல் பேச்சாளர்: என் நண்பர் கதையின் பாதியைத்தான் சொன்னார். மீதியை நான் சொல்கிறேன். 21ஆம் தேதி நிறைவேறிய மசோதாவை 24ஆம் தேதியே அரசு நிறுத்திவைத்தது. தொழிற்சங்கங்களுடன் பேசியது. மே முதல் நாள் முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நிறுத்தியது யார்? சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் பத்திரிகைகளும். மேலவை நான்கு மாதத்தில் செய்யக்கூடியதைத் தெரு மூன்று நாளில் செய்துவிட்டது. இதற்காக 78 பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா?

ஒரே நிகழ்வை இரண்டு அணியும் பயன்படுத்துவதை இங்கே வேண்டுமென்றே வைத்தேன். பிள்ளைகள் உண்மை ஒன்றைக் கண்டுபிடித்ததும் அது தங்கள் அணிக்கே சொந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த மசோதாவில் இரண்டு பேருக்கும் பங்கு இருக்கிறது. வேண்டும் அணி இங்கே மடங்கிவிடக் கூடாது. அது கேட்க வேண்டிய கேள்வி அடுத்தது.

வேண்டும் அணி, இரண்டாம் பேச்சாளர்: தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது, அதனால் மூன்று நாளில் குரல் எழுந்தது. சங்கம் இல்லாதவர்களைப் பாதிக்கும் மசோதா என்றால்? நில அளவை விதி மாறுகிறது, நகராட்சியின் ஒரு அதிகாரம் பறிபோகிறது, கூட்டுறவுச் சங்கத் தேர்தல் விதி திருத்தப்படுகிறது. இவற்றைப் பற்றி ஊரில் பேச்சு எழுவதற்குள் அரசிதழில் வந்துவிடும். யாருக்கு ஆள்பலம் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டும் இரண்டாம் பரிசீலனை கிடைத்தால் போதுமா? மேலவையில் 26 இடம் உள்ளாட்சிக்கு. நகராட்சி அதிகாரத்தைக் குறைக்கும் மசோதாவை நகராட்சி உறுப்பினர்கள் அனுப்பிய 26 பேர் பார்க்காமல் விடுவார்களா?

இந்த வாதம் பெரும்பாலான மேடைகளில் வருவதில்லை. அறிஞர்கள், கலைஞர்கள் என்று நியமன இடங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால், மூன்றில் ஒரு பங்கு இடம் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் உரியது என்பது மறந்துபோகிறது. மேலவையின் பக்கம் நின்று பேசச் சொன்னால் நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

இதற்கு வேண்டாம் அணி இரண்டு வழியில் பதில் சொல்லலாம். முதலாவது பணம். அதைத் தொடங்கும் முன் ஆசிரியர் ஒன்று செய்ய வேண்டும்: இரண்டு அணியையும் சேர்ந்து உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்ல வேண்டும். கணக்கு இரண்டு பேருக்கும் பொது. அதைப் பற்றிய தீர்ப்புதான் வேறுபடலாம்.

கணக்கு இப்படிப் போகும். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் மாத ஊதியம், படிகள் சேர்த்து, 2017இல் 1.05 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. மேலவை உறுப்பினருக்கும் அதே தொகை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12.6 லட்சம். 78 பேருக்கு 9 கோடியே 83 லட்சம். பத்துக் கோடிகூட வரவில்லையே என்று ஒரு மாணவர் கேட்பார். ஊதியம் செலவின் ஒரு பகுதி மட்டும். அவைச் செயலகம், அதன் ஊழியர்கள், பயணச் செலவு, விடுதி, மருத்துவம், பிறகு ஓய்வூதியம் என்று மற்றவை வரும். முழுச் செலவுக்கு நமக்கு ஒரு அளவுகோல் பக்கத்து மாநிலத்தில் கிடைக்கிறது. 2020 ஜனவரியில் ஆந்திர முதலமைச்சராக இருந்த ஜெகன்மோகன் ரெட்டி, 58 பேர் கொண்ட தங்கள் மேலவைக்கு ஆண்டுக்கு 60 கோடி ரூபாய் செலவாகிறது என்று பேரவையில் சொன்னார். மேலவையைக் கலைக்க விரும்பியவர் சொன்ன எண் இது. ஆகவே கூடுதலாக இருக்கலாமே தவிரக் குறைத்துச் சொல்லியிருக்க மாட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். தலைக்கு ஏறக்குறைய ஒரு கோடி. நமக்கு 78 பேர் என்றால் 80 கோடி.

எண்பது கோடி என்றதும் வகுப்பு வாயைப் பிளக்கும். அதை 2021இல் இருந்த ஆறு கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்களால் வகுக்கச் சொல்லுங்கள். ஒரு வாக்காளருக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று ரூபாய். மாநில அரசின் ஆண்டுச் செலவு மூன்று லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. அதோடு ஒப்பிட்டால் ஆயிரம் ரூபாயில் முப்பது காசுக்கும் குறைவு. "வரிப்பணம் வீண்" என்ற முழக்கம் இந்த இடத்தில் தன் பலத்தை இழந்துவிடுகிறது. அதே சமயம் "பதின்மூன்று ரூபாய்தானே" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பயனே இல்லாத ஒன்றுக்குப் பதின்மூன்று ரூபாயும் அதிகம். கோடியில் தொடங்கிய பேச்சு திரும்பவும் நான்கு மாதத்துக்கே வந்து நிற்கிறது.

வேண்டாம் அணி, இரண்டாம் பேச்சாளர்: நடுவர் அவர்களே, பணத்தை ஓரமாக வைக்கிறேன். அந்த 78 பேரில் எத்தனை பேர் அரசுக்கு எதிராகக் கை தூக்குவார்கள்? 26 பேரை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். 2021இல் வந்த பேரவையில் ஆளும் கூட்டணிக்கு 234இல் 159. விகிதப்படி 26இல் 17 அல்லது 18 இடம் அவர்களுக்கே போகும். 12 பேர் நியமனம். ஆளுநர் பெயரில் வந்தாலும் அமைச்சரவையின் ஆலோசனைப்படி வருகிற பெயர்கள். ஆக ஏறக்குறைய முப்பது இடம் தொடங்கும்போதே கையில் இருக்கிறது. உள்ளாட்சியிலும் ஆளும் கட்சி வென்றிருந்தால் பெரும்பான்மை வந்துவிடும். பேரவையில் கை தூக்கிய கட்சியே மேலவையிலும் கை தூக்கும். இது இரண்டாம் பரிசீலனையா?

வேண்டும் அணி, மூன்றாம் பேச்சாளர்: நண்பர் 78 பேரும் ஒரே நாளில் வருவதாக நினைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். மேலவையை ஆளுநர் கலைக்க முடியாது. ஒருவரின் பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுகிறார்கள். பேரவைத் தேர்தலில் ஆட்சி மாறினால், புதிய அரசு முதலில் சந்திப்பது பழைய பேரவையின் காலத்தில் வந்த மேலவையை. பெரிய வெற்றி பெற்று வரும் அரசுதான் அவசரமாகப் பழையதை எல்லாம் கவிழ்க்கப் பார்க்கும். அப்போது தடுப்புச் சுவர் இருக்கிறதா இல்லையா?

இந்தக் கேள்விக்குப் பதில் ஆந்திரத்தில் நடந்தே இருக்கிறது. அதனால் பிரதியில் இந்த இடத்தில் வாதத்தை நிறுத்தி, ஒரு மாணவரைக் கரும்பலகைக்கு அழைத்துத் தேதிகளை எழுதச் சொல்கிறேன். மேலவை பற்றி எத்தனை பக்கம் படித்தாலும் கிடைக்காத தெளிவு இந்தத் தேதிகளில் கிடைக்கும்.

2019 தேர்தலில் ஜெகனின் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 175இல் 151 இடங்களை வென்றது. மேலவையில் அந்தக் கட்சிக்கு இருந்தது 9 பேர்தான். பெரும்பான்மை சந்திரபாபு நாயுடுவின் தெலுங்கு தேசத்திடம் இருந்தது. அமராவதியில் தலைநகர் கட்டுவதற்காக முந்தைய அரசு விவசாயிகளிடமிருந்து 33 ஆயிரம் ஏக்கருக்கும் மேல் நிலம் திரட்டியிருந்தது. புதிய அரசு அதை மாற்றி, நிர்வாகத்துக்கு விசாகப்பட்டினம், சட்டமன்றத்துக்கு அமராவதி, நீதித்துறைக்குக் கர்னூல் என மூன்று தலைநகர் என்றது. 2020 ஜனவரி 20ஆம் தேதி பேரவை மசோதாக்களை நிறைவேற்றியது. 22ஆம் தேதி இரவு மேலவைத் தலைவர் அவற்றைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்புவதாக அறிவித்தார். மேலவை "கூடாது" என்று சொல்லவில்லை, "விசாரிக்க வேண்டும்" என்றுதான் சொன்னது. 27ஆம் தேதி பேரவை கூடி, மேலவையையே கலைக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஐந்தே நாள் இடைவெளி.

தெரிவுக்குழு அமையவே இல்லை. மூன்று மாதம் கடந்தது. ஜூன் 16ஆம் தேதி பேரவை அதே மசோதாக்களை மீண்டும் நிறைவேற்றியது. மேலவை அவற்றை எடுத்துக்கொள்ளாமலே ஒத்திவைக்கப்பட்டது. ஒரு மாதம் முடிந்தது. 197ஆவது பிரிவு தன் வேலையைச் செய்தது. ஜூலை 31ஆம் தேதி ஆளுநர் ஒப்புதல் கொடுத்தார். ஜனவரியில் முடிந்திருக்க வேண்டியது ஜூலை கடைசியில் முடிந்தது. அடுத்த சில நாளில், இருக்கும் நிலையே தொடர வேண்டும் என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கடைசியில் 2021 நவம்பரில் அரசே அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெற்றது. அதற்கு மறுநாள், மேலவையைக் கலைக்கும் தன் பழைய தீர்மானத்தையும் திரும்பப் பெற்றது. அதற்குள் உறுப்பினர்கள் மாறி மாறி, மேலவையில் ஆளும் கட்சிக்கே பெரும்பான்மை வந்திருந்தது.

தேதிகள் பலகையில் இருக்கும்போதே இரண்டு அணிக்கும் ஐந்து நிமிடம் கொடுங்கள். வேண்டும் அணி சொல்லும்: பார்த்தீர்களா, ஆறு மாதம் கிடைத்தது, விவசாயிகள் ஊர்வலம் போகவும் வழக்குக்குத் தயாராகவும் அந்த ஆறு மாதம் உதவியது. வேண்டாம் அணி சொல்லும்: தடுத்தது நீதிமன்றம், மேலவை ஒரு வரியைக்கூடத் திருத்தவில்லை, குழுவைக்கூட அமைக்க முடியவில்லை. இரண்டும் உண்மை. ஆனால் இந்த நிகழ்வு இன்னொன்றையும் காட்டுகிறது. மேலவைக்குப் பல் இருப்பது ஆட்சி மாறிய முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில் மட்டும். பிறகு ஆளும் கட்சியின் ஆட்களே அதை நிரப்பிவிடுகிறார்கள். 2020 ஜனவரியில் 60 கோடி ரூபாய் வீண் என்று கலைக்கப் புறப்பட்ட அரசுக்கு, 2021 நவம்பரில் அந்தச் செலவு உறுத்தவில்லை.

நம் ஊர்க் கதையையும் இதே கண்ணால் பார்க்கலாம். 1986 பிப்ரவரியில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் நகராட்சிகளில் தி.மு.க. பெரிய வெற்றி பெற்றது. மேலவையின் மூன்றில் ஒரு பங்கு உள்ளாட்சியிலிருந்து வருவது. மே மாதம் கலைப்புத் தீர்மானம் வந்தது. ஒரு மேலவை நியமனத்தை ஒட்டி எழுந்த சிக்கல்தான் உடனடிக் காரணமாகப் பேசப்பட்டது. மாணவர்கள் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தாங்களே யோசிக்கட்டும். ஆசிரியர் முடிவு சொல்ல வேண்டாம்.

பட்டதாரித் தொகுதி பற்றிப் பிரதியில் ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன், நீட்டவில்லை.

வேண்டாம் அணி, மூன்றாம் பேச்சாளர்: ஊரில் பட்டம் பெற்றவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்த காலத்தில் எழுதிய விதி இது. இன்று என் அக்கா பட்டதாரி. அவருக்கு எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்க ஒரு ஓட்டு, மேலவைக்கு இன்னொரு ஓட்டு. பத்தாம் வகுப்போடு நின்று எங்களைப் படிக்கவைத்த அம்மாவுக்கு ஒரே ஓட்டு. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பீர்கள்?

இதற்கு வேண்டும் அணியிடம் நல்ல பதில் கிடையாது. இருந்தால் ஒரு மாணவர் கண்டுபிடிக்கட்டும். 78இல் 7 இடம் என்பதால் பெரிய பாதிப்பில்லை என்று சொல்வது பதில் ஆகாது. சிறிய அநீதி என்று ஒப்புக்கொள்வதுதான் அது.

கடைசிச் சுற்று குறுக்கு விசாரணை.

வேண்டும் அணி: மேலவை வேண்டாம் என்கிறீர்கள். ஒன்பது நாளில் நிறைவேறும் மசோதாவை எப்படி நிறுத்துவீர்கள்?

வேண்டாம் அணி: பேரவை விதியை மாற்றுவோம். அவசர மசோதா தவிர மற்றவை எல்லாம் கட்டாயம் ஒரு குழுவுக்குப் போகட்டும். முப்பது நாள் அங்கே இருக்கட்டும். பாதிக்கப்படுபவர்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும். எண்பது கோடி வேண்டாம், ஒரு அறையும் சில அலுவலர்களும் போதும்.

வேண்டும் அணி: அந்த விதியைப் போடுவது யார்?

வேண்டாம் அணி: பேரவை.

வேண்டும் அணி: அவசரம் என்று சொல்லித் தளர்த்துவது யார்?

வேண்டாம் அணி: பேரவைதான்.

வேண்டும் அணி: பேரவையில் பெரும்பான்மை யாருக்கு?

இந்த மூன்றாவது கேள்வியோடு பிரதியின் வாதப் பகுதி முடிகிறது. வேண்டாம் அணியின் பதிலை நான் எழுதவில்லை. மாணவர் தாமே சொல்ல வேண்டும். என் சாய்வு வேண்டாம் அணியின் பக்கம்தான். நமக்குத் தேவை மசோதா வந்த நாளுக்கும் நிறைவேறும் நாளுக்கும் நடுவே ஒரு இடைவெளி. அதை நல்ல குழு முறையே தர முடியும் என்று நம்புகிறேன். ஆனால் பெரும்பான்மை போட்ட விதியை அதே பெரும்பான்மை ஒரே மதியத்தில் தளர்த்திவிடும் என்பது கனமான எதிர்வாதம். மேலவையை அப்படி ஒரு மதியத்தில் தள்ளிவிட முடியாது. ஜெகனிடம் 175இல் 151 பேர் இருந்தும் கலைக்க முடியவில்லை. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது, அது நடக்கவில்லை. குழு முறையை விரும்பும் என் போன்றவர்கள், ஆளும் கட்சி எளிதில் தளர்த்த முடியாத விதியாக அதை எப்படி எழுதுவது என்று சொல்லும் கடமை உள்ளவர்கள். எதிர்க்கட்சித் தலைவரின் சம்மதம் இல்லாமல் குழுவைத் தவிர்க்க முடியாது என்று எழுதலாம் என்பது என் யோசனை. அந்த விதியையே பெரும்பான்மை நீக்கினால் என்ன செய்வது என்று வகுப்பு கேட்கும். கேட்க வேண்டும்.

வாக்கெடுப்பைச் சாதாரணக் கையுயர்த்தலாக நடத்த வேண்டாம். 169ஆவது பிரிவு சொல்லும் முறையிலேயே நடத்துங்கள். மேலவையை உருவாக்கவும் கலைக்கவும் பேரவைத் தீர்மானத்துக்கு இரண்டு தகுதிகள் வேண்டும்: மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரிக்க வேண்டும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் ஆதரிக்க வேண்டும். வகுப்பின் பதிவேட்டில் 45 பேர் என்று வைத்துக்கொள்வோம். அன்று 36 பேர் வந்திருக்கிறார்கள். வேண்டும் என்று 22 பேர், வேண்டாம் என்று 9 பேர், 5 பேர் வாக்களிக்கவில்லை. வாக்களித்தவர்கள் 31. அதில் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 21. அந்தத் தகுதி கிடைத்துவிட்டது. 22க்கு எதிரே 9 என்பது பார்வைக்கும் பெரிய வெற்றி. ஆனால் 45இல் பாதிக்கு மேல் என்றால் 23 வேண்டும். ஒரு வாக்குக் குறைகிறது. தீர்மானம் தோற்றுவிட்டது. அன்று வராத 9 பேரும், வந்தும் கை தூக்காத 5 பேரும் வேண்டாம் என்று வாக்களித்த மாதிரிதான். அதை அவர்களுக்கு மறுநாள் சொல்லுங்கள்.

23 கிடைத்திருந்தால் தீர்மானத்தை ஒரு தாளில் எழுதிப் பக்கத்து வகுப்புக்கு அனுப்ப வேண்டும். அவர்கள்தான் நாடாளுமன்றம். அவர்கள் சாதாரணப் பெரும்பான்மையில் சட்டம் இயற்றலாம். அல்லது மேசை இழுப்பறையில் வைத்துவிடலாம். 1989இல் நம் பேரவை அனுப்பிய தீர்மானத்தின்படி வந்த மசோதா 1990இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறவே இல்லை. பக்கத்து வகுப்பும் அப்படி வைத்துக்கொண்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று 169ஆவது பிரிவில் எந்தக் கெடுவும் இல்லை.